பள்ளி நூலகத் திட்டம்: இறுதி அறிக்கை எழுதிய ஏழு வாரங்கள்

ஜனவரி 27 அன்று மாலை அறிக்கையை அனுப்பினேன். மறுவாரம் நிதி கொடுத்த நிறுவனத்திலிருந்து பதில் வந்தது: "ஏற்றுக்கொள்ளப்பட்டது, கணக்கு முடிக்கப்படுகிறது." டிசம்பர் 9இல் உட்கார்ந்த வேலை இது. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரைவுகள் வீணாகி, மூன்றாவதுதான் நின்றது. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். எங்களைப் போன்ற சின்ன அறக்கட்டளைகளில் கணக்கும் அறிக்கையும் ஒரே ஆள் தலையில்தான் விழுகின்றன. அப்படி விழுந்தவர்களுக்கு இது உதவும்.

முதலில் திட்டம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். செங்கம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை 146 பிள்ளைகள். பூட்டியே கிடந்த ஒரு வகுப்பறையைச் சரிசெய்து நூலகமாக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள உள்ளூரிலேயே ஒருவரை அமர்த்த வேண்டும், பிள்ளைகள் வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப்போக வேண்டும். காலம் 2023 ஜூன் முதல் 2024 நவம்பர் 30 வரை, 18 மாதம். தொகை ₹3,60,000. முதல் தவணை ₹2,16,000, இடைக்கால அறிக்கைக்குப் பிறகு ₹1,44,000. காலம் முடிந்து 60 நாளுக்குள் இறுதி அறிக்கையும், பட்டயக் கணக்காளர் கையெழுத்திட்ட நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழும் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

முதல் வரைவு 38 பக்கம். அதில் 22 பக்கம் புகைப்படம். திறப்பு விழா, குத்துவிளக்கு, வரிசையாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள். செலவை ஒரு பக்கத்திலும் பலனை இரண்டு பக்கத்திலும் அடக்கியிருந்தேன். டிசம்பர் 20இல் அனுப்பினேன். ஒரு வாரத்தில் திட்ட அலுவலர் தொலைபேசியில் பேசினார். குரலில் கோபமில்லை.

"மேடம், படங்கள் நல்லா இருக்கு. எனக்கு மூணே கேள்வி. மிச்சம் ₹4,350ன்னு எழுதியிருக்கீங்க, பாஸ்புக்கில் ₹10,764 இருக்கு. அறைப் பழுதுக்கு 45 ஆயிரம் ஒதுக்கினோம், 58 ஆயிரத்துச் சொச்சம் ஆகியிருக்கு. அதுக்கு எங்க அனுமதிக் கடிதம் எங்கே? புத்தகம் 9,480 தடவை எடுத்தாங்கன்னு போட்டிருக்கீங்க. 146 பேரில் எத்தனை பேர் எடுத்தாங்க?"

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அதன்பிறகு செய்ததெல்லாம் இந்த மூன்று கேள்விகளுக்குப் பின்னால் போனதுதான்.

மிச்சத் தொகை

இது மூன்றில் சுலபமானது. ஆனாலும் முழுதாக ஒரு நாள் தின்றது. நான் செலவுகளை எக்செல் தாளில் எழுதிவந்தேன். வந்த பணம் ₹3,60,000, செலவு ₹3,55,650, மிச்சம் ₹4,350. வங்கி இருப்போ ₹10,764. வித்தியாசம் ₹6,414. முதலில் ஏதோ ஒரு பில்லை இரண்டு தடவை ஏற்றிவிட்டேன் என்று நினைத்து, எல்லா பில்லையும் தரையில் பரப்பி எண்ணினேன். அது தவறான வழி. பில்லைத் தாளோடு ஒப்பிட்டால் தாளில் இருக்கும் பிழைதான் தெரியும். தாளில் ஏறாமலே போனது தெரியாது.

கணக்காளர் ஒரே வரியில் சொன்னார்: "பாஸ்புக்கை மேலே வைம்மா, உன் தாளைக் கீழே வை. பாஸ்புக்கில் வரிக்கு வரி பென்சிலால் டிக் அடி." அப்படிச் செய்ததும் டிக் விழாத வரிகள் தனியே நின்றன. சேமிப்புக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து விழுந்த வட்டி, மொத்தம் ₹2,914. நன்கொடையாளரின் பணத்துக்கு வந்த வட்டியும் அவர்கள் பணம்தான், அது வரவில் காட்டப்பட வேண்டும். நான் அதை வரவாகவே எழுதவில்லை. அடுத்து என் தாளில் இருந்து பாஸ்புக்கில் இல்லாத ஒரே வரி: நூலகப் பொறுப்பாளருக்கு நவம்பர் மாத மதிப்பூதியமாகக் கொடுத்த ₹3,500 காசோலை. அவர் அதை வங்கியில் போடவேயில்லை. இரண்டையும் கூட்டினால் சரியாக ₹6,414.

ஆக உண்மையான மிச்சம் ₹7,264. அதோடு மாறாத காசோலை ₹3,500 சேர்ந்தால் பாஸ்புக்கில் இருக்கும் ₹10,764. இந்த நான்கு வரியை அப்படியே வங்கிச் சரிக்கட்டல் பட்டியலாக அறிக்கையில் சேர்த்தேன். முதல் வரைவில் அந்தத் தாள் இருந்திருந்தால் முதல் கேள்வியே வந்திருக்காது.

தலைப்பு மாறிய செலவு

கடைசியில் நின்ற செலவுப் பட்டியல் இது:

| தலைப்பு | ஒதுக்கியது (₹) | செலவானது (₹) |
|---|---|---|
| நூல்கள் | 1,40,000 | 1,31,460 |
| அலமாரி, மேசை | 75,000 | 81,420 |
| அறைப் பழுது | 45,000 | 58,300 |
| பொறுப்பாளர் மதிப்பூதியம் | 63,000 | 56,000 |
| பயிற்சி, வாசிப்பு நிகழ்வுகள் | 22,000 | 13,850 |
| நிர்வாகம், பயணம், தணிக்கை | 15,000 | 14,620 |
| மொத்தம் | 3,60,000 | 3,55,650 |

மொத்தத்தில் செலவு கட்டுக்குள்தான் இருக்கிறது. எனக்கும் அந்த நிம்மதி இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு: எந்தத் தலைப்பிலும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கையெழுத்துப் போடும்போது படித்தேன், வேலை நடக்கும்போது மறந்துவிட்டேன்.

அலமாரியில் கூடியது ₹6,420. இது எட்டரை சதவீதம்தான், எனவே தப்பித்தேன். ஆனால் அதன் காரணம் என் கவனக்குறைவு. ஆறு இரும்பு அலமாரி, ஒன்று ₹8,500. தரையில் உட்கார்ந்து எழுத நான்கு தாழ்ந்த மேசை, ஒன்று ₹4,500. விலைப்புள்ளியில் ₹69,000 என்று பார்த்துவிட்டு, 75 ஆயிரத்துக்குள் வந்துவிட்டது என்று ஆர்டர் கொடுத்தேன். அடியில் சின்ன எழுத்தில் "ஜிஎஸ்டி தனி" என்று இருந்தது. 18 சதவீதம் சேர்ந்து ₹81,420 ஆனது. அச்சிட்ட புத்தகங்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது. புத்தக பில்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரும்புச் சாமானுக்கு வரி உண்டு என்பது உறைக்கவில்லை.

அறைப் பழுதில் கூடியது ₹13,300, ஏறத்தாழ முப்பது சதவீதம். திட்ட மதிப்பீட்டில் வெள்ளையடிப்பு, மின்வயர், மேல்தளத்தில் ஒழுகும் இரண்டு இடத்தில் பூச்சு என்று மட்டும் எழுதியிருந்தோம். மேஸ்திரி உள்பக்கக் காரையைச் சுரண்டியபோது கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது தெரிந்தது. அதை விட்டுவிட்டு மேலே வெள்ளையடித்தால் அடுத்த மழையில் புத்தகத்தின் மேல் காரை விழும். கம்பியைத் தேய்த்து, பூச்சைப் புதிதாகக் கொடுத்து, மொட்டைமாடியில் பெயர்ந்த தட்டோடுகளை எடுத்துவிட்டு மறுபடி பதித்தோம். வேலை ஜூலைக் கடைசி வரை இழுத்தது. நூலகம் ஆகஸ்டில்தான் திறந்தது. அதனால்தான் மதிப்பூதியம் 18 மாதத்துக்குப் பதில் 16 மாதம், ₹56,000.

செய்தது சரியான வேலை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அனுமதி தொலைபேசியில் கேட்டது, எழுத்தில் இல்லை. அப்போது பேசிய அலுவலர் வேறு இடத்துக்கு மாறிப்போய்விட்டார். இரண்டாவது வரைவில் நான் செய்த தவறு, இதை மறைத்தாற்போல "எதிர்பாராத கட்டுமானச் செலவு" என்று ஒரே வரியில் கடந்துபோனது. அது மறுபடி திரும்பி வந்தது. மூன்றாவதில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: எந்தத் தேதியில் காரை சுரண்டப்பட்டது, மேஸ்திரி என்ன சொன்னார், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டோம், எழுத்தில் அனுமதி வாங்காதது எங்கள் தவறு, பின்னேற்பாக அனுமதி கோருகிறோம். துருப்பிடித்த கம்பியின் படம் இரண்டு, தீர்மானத்தின் நகல் ஒன்று. முதல் வரைவின் 22 பக்கப் படங்களில் அந்தக் கம்பி ஒரு இடத்திலும் இல்லை. அதை எடுத்ததுகூட மேஸ்திரியின் மகன், அவனுடைய போனிலிருந்து வாங்கினேன். பின்னேற்பு அனுமதி நான்கு நாளில் மின்னஞ்சலில் வந்தது.

இதே தலைப்பில் இன்னும் இரண்டு சிக்கல் இருந்தன. பெயிண்டு வாங்கிய ₹4,280 பில் வெள்ளைத் தாளாகிவிட்டது. கடைகளில் இயந்திரம் துப்பும் அந்த வழவழப்பான தாளில் எழுத்து வெயிலிலும் சூட்டிலும் மங்கிப்போகும். நான் பில்களை வைத்திருந்தது தகர அலமாரியில். நல்லவேளை, கடைக்காரர் கணினியில் தேதி போட்டுத் தேடி மறுபிரதி எடுத்து முத்திரை வைத்துக் கொடுத்தார். ஒன்றரை வருஷம் கழித்துப் போய் நின்றதற்கு முகம் சுளிக்காத மனிதர். இப்போது எல்லா பில்லையும் வாங்கிய அன்றே நகலெடுத்து, மூலத்தையும் நகலையும் சேர்த்துக் கோப்பில் குத்துகிறேன்.

இன்னொன்று மேஸ்திரிக்கு ஒரு சனிக்கிழமை ரொக்கமாகக் கொடுத்த ₹12,400. ஐயாயிரத்துக்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் வருவாய் வில்லை ஒட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். அதில் குறையில்லை. ஆனால் ஒரே நாளில் ஒரே ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், எங்கள் அறக்கட்டளையின் வருமான வரிக் கணக்கில் அது அறப்பணிச் செலவாக ஏற்கப்படாது என்று கணக்காளர் சொன்னார். நன்கொடையாளருக்கு அது செலவுதான், பணம் போன இடமும் உண்மைதான். இருந்தாலும் சான்றிதழின் அடிக்குறிப்பில் அந்தத் தொகையைத் தனியே சொல்ல வேண்டியதாயிற்று. வங்கி வழியாக அனுப்பியிருந்தால் இந்தக் குறிப்பே தேவையில்லை. மேஸ்திரிக்கு வங்கிக் கணக்கு இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

புத்தகம் எத்தனை

பில்களின்படி வாங்கியது 1,632 பிரதி. நூல் வரவுப் பதிவேட்டில் கடைசி எண் 1,671. வாங்கியதைவிடப் பதிந்தது 39 கூட. குறைந்தால் தொலைந்தது என்று சொல்லலாம், கூடினால் என்ன சொல்வது? பதிவேட்டை முதலிலிருந்து பில்லோடு ஒப்பிட்டபோது பிடிபட்டது. 2023இல் தமிழ்நாடு அரசு வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அவை வந்ததும் நூலகப் பொறுப்பாளர் அக்கா, புத்தகம் என்றால் பதிய வேண்டும் என்று எங்கள் பதிவேட்டிலேயே 39 பிரதியைப் பதிந்துவிட்டார். அவர் மேல் குற்றமில்லை, நான் தனிப் பதிவேடு கொடுக்கவில்லை. அந்த 39ஐயும் சிவப்பு மையால் கோடிட்டு, தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு பள்ளியின் இருப்புப் பதிவேட்டுக்கு மாற்றினோம்.

பிறகு இருப்புச் சோதனை. இரண்டு நாள், மூன்று பேர். ஒருவர் அலமாரியிலிருந்து எடுத்து எண்ணைப் படிக்க, ஒருவர் பதிவேட்டில் டிக் அடிக்க, ஒருவர் கிழிந்ததைத் தனியே வைக்க. அலமாரியில் 1,498, பிள்ளைகள் கையில் 71, கணக்கில் வராதது 63. "யார் வீட்டில் இருந்தாலும் கொண்டுவாங்க, அபராதம் இல்லை, யாரும் கேள்வி கேட்கமாட்டாங்க" என்று காலை வழிபாட்டில் தலைமை ஆசிரியர் சொன்னார். ஒரு வாரத்தில் 21 வந்தது. சில புத்தகம் ஆளில்லாத நேரத்தில் சன்னல் திண்டில் கிடந்தது. மீதி 42 போனது போனதுதான். பதினாறு மாதத்தில் இரண்டரை சதவீதம். அலமாரியில் இருந்ததிலும் 58 பிரதி மறுபடி தைக்க முடியாத அளவுக்குக் கிழிந்திருந்தது, எல்லாம் ஒன்று இரண்டாம் வகுப்புப் படப்புத்தகங்கள்.

முதல் வரைவில் இந்த எண்களை நான் எழுதவில்லை. தொலைந்ததைச் சொன்னால் பொறுப்பில்லாதவர்கள் என்று நினைப்பார்களோ என்ற பயம். எழுதியபோது திட்ட அலுவலர் சொன்னது எனக்கு மறக்காது: "ஒண்ணுகூடத் தொலையலைன்னு எழுதினா, அலமாரியைப் பூட்டியே வெச்சிருந்தாங்கன்னுதான் நாங்க நினைப்போம்."

9,480 எப்படி வந்தது

இதுதான் என்னை அதிகம் உறுத்தியது. கடன் பதிவேடு நான்கு நீள நோட்டு. ஒரு பக்கத்துக்கு 30 வரி. எழுதிய பக்கங்களை எண்ணினேன், 316. பெருக்கினேன், 9,480. அவ்வளவுதான் அந்த எண்ணின் பிறப்பு. பாதியில் நின்ற பக்கங்கள், மாத முடிவில் விட்ட வெற்று வரிகள் எல்லாம் அதில் கடனாகிவிட்டன.

சரிசெய்ய ஒரே வழி எல்லாவற்றையும் தட்டச்சு செய்வது. ஊரில் பிளஸ் டூ முடித்த இரண்டு பெண்கள், ஆளுக்கு ஆறு நாள், நாளுக்கு ₹500. தேதி, வகுப்பு, வரிசை எண், நூல் எண், எடுத்த நாள், திரும்பிய நாள் என்று ஆறு பத்தி. ₹6,000 ஆனது. நிதிக்காலம் நவம்பர் 30இலேயே முடிந்துவிட்டதால் இதைத் திட்டச் செலவில் எழுத முடியாது, அறக்கட்டளையின் பொதுக் கணக்கிலிருந்துதான் கொடுத்தோம். தணிக்கைக் கட்டணம் ₹5,900 தப்பித்ததற்குக் காரணம் கணக்காளர் நவம்பர் 28 தேதியிட்டே பில் கொடுத்ததுதான். அறிக்கை வேலைக்கான செலவுகளைக் காலம் முடியும் முன்பே செய்துவிட வேண்டும் என்பது இப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

தட்டச்சு முடிந்தபோது இருந்தது 9,127 வரி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே இன்னொன்று கண்ணில் பட்டது. ஒரே நாளில் ஒரு வகுப்பு முழுவதும் ஆளுக்கொரு புத்தகம் எடுத்து அன்றே திருப்பியிருந்தார்கள். அது வாரம் ஒருமுறை வரும் வாசிப்புப் பாடவேளை. ஆசிரியர் வரச்சொல்லி வந்து, அறையிலேயே படித்துவிட்டு வைத்துவிட்டுப் போனது. பிள்ளை தானாக எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதும் இதுவும் ஒன்றல்ல. எடுத்த நாள் E பத்தியிலும் திரும்பிய நாள் F பத்தியிலும் இருந்ததால் பிரிப்பது எளிது:

```
=IF(F2=E2,"அறை","வீடு")
```

திரும்பாத புத்தகத்துக்கு F காலியாக இருக்கும், அது தானாகவே "வீடு" ஆகிவிடும். இதன்படி அறையில் படித்தது 5,163, வீட்டுக்குப் போனது 3,964. முதல் வரைவில் நான் பெருமையோடு எழுதிய எண்ணில் பாதிக்கும் குறைவு.

அடுத்து எத்தனை பிள்ளைகள் என்ற கேள்வி. இங்கே நான் முட்டிக்கொண்டேன். பதிவேட்டில் பெயர் இல்லை, வகுப்பும் வருகைப்பதிவேட்டு வரிசை எண்ணும் மட்டும். ஜூனில் வகுப்பு மாறினால் வரிசை எண்ணும் மாறும். 2023 ஆகஸ்டில் "5–12" என்றிருப்பவரும் 2024 ஆகஸ்டில் "5–12" என்றிருப்பவரும் வேறு வேறு பிள்ளைகள். இரண்டு நாள் பழைய வருகைப்பதிவேட்டோடு போராடிவிட்டு, முழுக் காலத்துக்கும் செய்வதைக் கைவிட்டேன். 2024 ஜூன் முதல் நவம்பர் வரை ஆறு மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஏன் அந்த ஆறு மாதம் மட்டும் என்பதையும் அறிக்கையில் எழுதினேன்.

அந்த ஆறு மாதத்தில் வீட்டுக்குப் போனது 1,764. அதில் 1,022 புத்தகத்தை எடுத்தது 31 பிள்ளைகள். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல். 93 பிள்ளைகள் சேர்ந்து எடுத்தது 742, ஆளுக்கு எட்டு. மீதி 22 பேர் ஒன்றுகூட எடுக்கவில்லை.

அந்த 22 பெயரை எழுதி எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஐந்து பேர் ஒன்றாம் வகுப்பு, கிழித்துவிடுவார்கள் என்று டீச்சர் வீட்டுக்குக் கொடுப்பதில்லை. நான்கு பேருக்கு ஆளுக்கொரு காரணம். மிச்சம் 13 பேரின் பெயரைப் பார்த்ததும் அக்கா சொன்னார்: "இவங்க எல்லாரும் பஸ் புள்ளைங்க." நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குக்கிராமத்திலிருந்து வருபவர்கள். அவர்கள் பேருந்து 4:05க்கு. நாங்கள் புத்தகம் கொடுக்கும் நேரம் 3:50லிருந்து 4:20. கடைசிப் பாடவேளை முடிந்து ஓடினால்தான் பஸ் கிடைக்கும். பதினாறு மாதமாக அந்த அறை அவர்களுக்கு மட்டும் பூட்டியிருந்ததற்குச் சமம். வாரம் தவறாமல் நான் அந்தப் பள்ளிக்குப் போய்வந்திருக்கிறேன். என் கண்ணில் படவில்லை. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

நூல் எண்ணும் தட்டச்சானதால் இன்னொரு விஷயமும் வந்தது. 388 பிரதி ஒருமுறைகூட அலமாரியை விட்டு நகரவில்லை. விலையைக் கூட்டினால் ₹33,910, நூல் செலவில் கால்பங்குக்குச் சற்று மேல். பெரும்பாலும் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவில் ஒரே மூச்சில் வாங்கியவை: பொடி எழுத்தில் தலைவர்கள் வரலாறு, பொது அறிவுக் களஞ்சியம். பிள்ளைகள் யாரையும் கூட்டிப்போகாமல் நானும் இரண்டு ஆசிரியர்களும் மட்டும் போய் வாங்கியவை. பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்களும் அறிவியல் செய்துபார்க்கும் புத்தகங்களும்தான் ஓயாமல் சுற்றின. மறுபடி வாங்குவதாக இருந்தால் முதலில் ஐம்பது தலைப்பு ஒரு பிரதி வீதம் வாங்கி, மூன்று மாதக் கடன் பதிவைப் பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணத்தைத் தொடுவேன்.

வாசிப்புத் திறன் பற்றி எழுதியதும் அடித்ததும்

முதல் வரைவில் ஒரு வாக்கியம் தடித்த எழுத்தில் இருந்தது: நூலகத்தால் கதை வாசிக்கும் பிள்ளைகள் 35 சதவீதத்திலிருந்து 59 ஆக உயர்ந்தனர். 2023 ஜூலையில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 54 பேரை எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படியில் வாசிக்க வைத்துப் பார்த்தோம், 19 பேர் கதையை வாசித்தார்கள். 2024 நவம்பரில் அதே வகுப்புகளில் 51 பேரில் 30 பேர். எண்கள் பொய்யில்லை. ஆனால் வாக்கியம் நிற்காது. அந்த 54 பேரும் இந்த 51 பேரும் ஒரே பிள்ளைகள் இல்லை. ஒரே பிள்ளைகளாக இருந்தாலும் ஒரு வருஷம் நாலு மாதம் வளர்ந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எண்ணும் எழுத்தும் திட்டமும் அந்த வகுப்புகளில் நடந்தது, வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் வந்தன.

இரண்டு சோதனையிலும் இருந்த 33 பேரை மட்டும் பிரித்தேன். அன்று கதை வாசித்தவர்கள் 9 பேர், இன்று 20 பேர். அதை எழுதிவிட்டு, இதில் நூலகத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் வழியில்லை, மற்ற இரண்டு திட்டங்களும் இதே பிள்ளைகளிடம் வேலை செய்தன என்று அடுத்த வரியில் எழுதினேன். நூலகத்தின் பலன் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது, வீட்டுக்குப் போன 3,964 புத்தகம்தான். அதையே பலன்களில் முதல் வரியாக வைத்தேன்.

கடைசி வரைவு 11 பக்கம். படம் நான்கு, அதில் இரண்டு கம்பி. மிச்சம் ₹7,264ஐ என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். ஒப்பந்தப்படி திருப்பி அனுப்ப வேண்டியது. அறிக்கையில் பஸ் பிள்ளைகளைப் பற்றிப் படித்துவிட்டு, மார்ச் 31க்குள் கிழிந்த படப்புத்தகங்களுக்கு மாற்று வாங்கிக்கொள்ளுங்கள், பில்லை மட்டும் அனுப்புங்கள் என்று எழுதினார்கள்.

ஜனவரியிலேயே புத்தகம் கொடுக்கும் நேரத்தைக் காலை 8:50க்கும் வைத்துவிட்டோம். காலைப் பேருந்து 8:40க்கு வந்துவிடும். புதுக் கடன் நோட்டில் முதல் பத்தி பள்ளியின் சேர்க்கை எண், அது எட்டாம் வகுப்பு வரை மாறாது. அடுத்த பத்தியில் பெயர். முதல் வாரத்தில் அந்த 13 பேரில் ஒன்பது பேர் புத்தகம் எடுத்தார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எடுத்ததை மறுநாளே கொண்டுவந்து வைத்துவிட்டான். பிடிக்கலையா என்று அக்கா கேட்டதற்கு, "பஸ்ஸிலேயே முடிச்சிட்டேன்" என்றான்.